வாடகை வருமானமும் 30 சதவீதக் கழிவும்: ரிப்பேர் பில்லைத் தனியாகக் கழிக்க முடியுமா?

ஒவ்வோர் ஆண்டும் ஜூன், ஜூலை வந்தால் ஒரு காட்சி தவறாமல் நடக்கும். வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் ஒருவர் பிளாஸ்டிக் கவர் நிறைய பில்லோடு வந்து உட்காருவார். சிமென்ட் கடை ரசீது, பெயிண்ட் கடை பில், கொத்தனார் நோட்டுத் தாளில் எழுதிக் கொடுத்த கூலிக் கணக்கு, மோட்டார் காயில் கட்டிய சீட்டு என்று எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி வைத்திருப்பார். அந்தக் கவரிலிருந்து நான் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் ஒரே ஒரு தாளைத்தான், சொத்து வரி ரசீதை. மற்றவற்றைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் முகம் வாடுவதை இத்தனை ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வருமான வரி ரிட்டர்ன் எழுதிக் கொடுப்பதே என் தொழில். அவர்கள் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

"மொட்டை மாடி ஒழுகுதுன்னு ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் செலவு பண்ணினேன். எல்லாத்துக்கும் பில் இருக்கு. வாடகையில கழிச்சுக்கலாமா?"

முடியாது. வீட்டு வாடகை வருமானத்தில் ரிப்பேருக்கென்று உண்மையான செலவைக் கழிக்க இடமே கிடையாது. அதற்குப் பதிலாகச் சட்டம் 30 சதவீதத்தைக் கழித்துக்கொள்ளச் சொல்கிறது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் இது 24-ஆம் பிரிவின் (அ) உட்பிரிவு. நீங்கள் 1,85,000 ரூபாய் செலவழித்தாலும் சரி, ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காவிட்டாலும் சரி, கழிவு அதே 30 சதவீதம்தான்.

கணக்கைப் போட்டே பார்ப்போம். மாத வாடகை 20,000 ரூபாய், ஆண்டுக்கு 2,40,000. சொத்து வரி அரையாண்டுக்கு 4,800 வீதம் 9,600 ரூபாய் கட்டியிருக்கிறீர்கள்.

வாடகை: 2,40,000
கட்டிய சொத்து வரி: 9,600
ஆண்டு மதிப்பு: 2,30,400
அதில் 30 சதவீதம்: 69,120
வரிக்கு உட்படும் வாடகை வருமானம்: 1,61,280

உங்கள் 1,85,000 ரூபாய் இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை. செலவு கழிவைவிட 1,15,880 ரூபாய் அதிகம். அந்த மிச்சத்தை அடுத்த ஆண்டுக்கு எடுத்துப்போகவும் வழியில்லை.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் சொத்து வரி போக வேண்டும், அப்புறம்தான் 30 சதவீதம். மொத்த வாடகையில் 30 சதவீதம் எடுத்துவிட்டுப் பிறகு சொத்து வரியைக் கழிப்பவர்கள் உண்டு. அப்படிப் போட்டால் கழிவு 72,000 என்று வரும், கணக்கு தப்பாகிவிடும்.

"கையை விட்டுப் போன காசுதானே சார்? கடைக்காரர் கடைக்கு வெள்ளையடிச்சா செலவுல எழுதுறாரு. நான் எழுதினா மட்டும் ஏன் கூடாது?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது.

வியாபாரத்தில் வரி விழுவது லாபத்தின் மேல். லாபம் என்றாலே வரவிலிருந்து செலவு போக மிஞ்சுவதுதான். ஆகவே அங்கே செலவுக் கணக்கு தவிர்க்க முடியாதது. வீட்டுச் சொத்து என்ற தலைப்பு அப்படி அமைக்கப்படவில்லை. 22-ஆம் பிரிவு வரி விதிப்பது வீட்டின் 'ஆண்டு மதிப்பு' மேல். அந்த வீடு ஓராண்டுக்கு நியாயமாக எவ்வளவு வாடகை ஈட்டக்கூடியது என்பதுதான் அடிப்படை. வாடகைக்கு விட்ட வீட்டில் நடைமுறையில் பெரும்பாலும் நீங்கள் வாங்கும் வாடகையே அந்த மதிப்பாகிவிடுவதால் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் அடித்தளத்தில் இருப்பது சொத்தின் ஈட்டும் திறன், உங்கள் வரவு செலவு அல்ல. திறனின் மேல் வரி போடும்போது பராமரிப்புக்கும் ஒரு பொதுவான மதிப்பீட்டையே சட்டம் வைத்துவிட்டது.

அடுத்தது 24-ஆம் பிரிவின் வாசகம். வீட்டுச் சொத்து வருமானத்தைப் 'பின்வரும் கழிவுகளைச் செய்தபின்' கணக்கிட வேண்டும் என்று சொல்லி, 'நேம்லி' என்ற ஒரு சொல்லைப் போட்டு, இரண்டே இரண்டு உட்பிரிவுகளைத் தருகிறது. ஒன்று 30 சதவீதம். மற்றொன்று கடன் வட்டி. அந்த 'நேம்லி' ஒரு கதவைப் போல. 'இவை போன்ற' என்றோ 'இவை உட்பட' என்றோ எழுதியிருந்தால் மூன்றாவது ஒன்றுக்கு வாதாடிப் பார்க்கலாம். 'இவைதான்' என்று எழுதியிருப்பதால் பட்டியல் அங்கேயே மூடிக்கொள்கிறது. பில் உண்மையானதா, செலவு தேவையானதா என்ற கேள்விக்கே அதிகாரி போக வேண்டியதில்லை.

"இந்த 30 சதவீதம் எப்போ வந்தது? முன்னாடி எங்க அப்பா காலத்துல தனித்தனியா கழிச்ச மாதிரி ஞாபகம்."

ஞாபகம் சரிதான், ஆனால் பாதி. அப்பா காலத்தில் தனித்தனியாகக் கழித்தவை நில வரி, தரை வாடகை, காப்பீட்டுப் பிரீமியம் போன்றவை. ரிப்பேர் அப்போதும் உண்மைச் செலவாகக் கழிக்கப்படவில்லை. 1922-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே ரிப்பேரை வீட்டுக்காரர் ஏற்றுக்கொண்டால் ஆண்டு மதிப்பில் ஆறில் ஒரு பங்கு கழிவு என்றுதான் இருந்தது. 1961 சட்டமும் அதே ஆறில் ஒரு பங்கோடுதான் தொடங்கியது. பிற்பாடு ரிப்பேரையும் வாடகை வசூல் செலவையும் சேர்த்து நான்கில் ஒரு பங்கு என்றாக்கினார்கள்.

2001-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டது. 2002-03 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, அதாவது 2001-02 நிதி ஆண்டு வருமானத்திலிருந்து, எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து 30 சதவீதம், கூடவே கடன் வட்டி. அதாவது 25 சதவீதம் 30 ஆனபோது, தனியாக இருந்த காப்பீடும் தரை வாடகையும் அதற்குள் போய்விட்டன. ஒரு பக்கம் கூட்டிக் கொடுத்து மறுபக்கம் எடுத்துக்கொண்டதாகவும் சொல்லலாம். ரிப்பேருக்கு விகிதாசாரக் கழிவு என்ற எண்ணம் மட்டும் நூறு ஆண்டுகளாக மாறவே இல்லை.

"அப்போ அந்த 30-க்குள்ள என்னென்ன அடங்கும்?"

வீட்டை வைத்திருப்பதற்கும் வாடகை வாங்குவதற்கும் ஆகும் செலவு அத்தனையும். வெள்ளையடிப்பு, ஒழுகல் அடைப்பு, பிளம்பர், எலக்ட்ரீஷியன், செப்டிக் டேங்க் சுத்தம், வீட்டுக் காப்பீடு, வாட்ச்மேன் சம்பளம், புரோக்கர் கமிஷன், வாடகை ஒப்பந்தம் எழுதிய செலவு, வாடகை வராமல் வக்கீல் நோட்டீஸ் விட்ட செலவு எல்லாம். குடிநீருக்கும் மின்சாரத்துக்கும் பயன்பாட்டுக் கட்டணமாகக் கட்டுவதும் தனியாகக் கழியாது.

"சொத்து வரி மட்டும் எப்படித் தப்பிச்சுது?"

அது 24-ஆம் பிரிவில் வரும் கழிவே இல்லை. அதற்கு முந்தைய படியில், ஆண்டு மதிப்பைக் கண்டுபிடிக்கும்போதே 23-ஆம் பிரிவு அதைக் குறைக்கச் சொல்லிவிடுகிறது. இரண்டு நிபந்தனைகள் உண்டு. வரியை வீட்டுக்காரர் ஏற்றிருக்க வேண்டும், அந்த நிதி ஆண்டுக்குள் கையிலிருந்து கட்டியிருக்க வேண்டும்.

இதில் ஒரு நன்மை இருக்கிறது. எந்த ஆண்டின் வரி என்பது முக்கியமல்ல, எந்த ஆண்டில் கட்டினீர்கள் என்பதே முக்கியம். மூன்று ஆண்டுப் பாக்கியை மாநகராட்சியில் ஒரே நாளில் கட்டினால் அந்த ஆண்டிலேயே முழுவதும் குறையும். டிமாண்ட் நோட்டீஸ் வந்து கட்டாமல் இருந்தால் ஒன்றும் குறையாது. குடியிருப்பவர் கட்டியிருந்தாலும் உங்களுக்குக் கிடையாது.

"நான் ஒரு பைசா செலவு பண்ணலை. புது ஃபிளாட். அதுக்கும் 30 சதவீதம் எடுத்துக்கலாமா? பில் கேட்பாங்களா?"

தாராளமாக எடுக்கலாம், யாரும் பில் கேட்க முடியாது. ரிட்டர்ன் படிவத்தில் Schedule HP பகுதியில் வாடகையையும் சொத்து வரியையும் போட்டால் 30 சதவீதம் தானாகவே வந்து விழும். நீங்கள் தட்டச்சு செய்ய வேண்டிய இடம்கூட அது இல்லை.

இங்கேதான் என் மனத்தாங்கல். நேற்றுக் கட்டிய ஃபிளாட்டுக்கும் அறுபது ஆண்டு ஆன ஓட்டு வீட்டுக்கும் ஒரே விகிதம். ஃபிளாட்டில் குழாய் வாஷர் மாற்றுவதைத் தவிர வேலை இருக்காது. பழைய வீட்டில் ஒரு மழைக்கு ஒரு சுவர் ஓதம் ஏறும். பராமரிப்புச் செலவு வீட்டின் வயதைப் பொறுத்தது, வாடகையைப் பொறுத்தது அல்ல. போதாததற்குப் பழைய வீட்டில்தான் வாடகையும் குறைவு, ஆகவே கழிவும் குறைவு. இவ்வளவு தெரிந்தும் 30 சதவீத முறையையே நான் ஆதரிக்கிறேன். கொத்தனாரும் சித்தாளும் பில் தருவதில்லை. உண்மைச் செலவுக்குத்தான் கழிவு என்று வைத்தால் சின்ன வீட்டுக்காரர் ஒவ்வொரு கூலிக்கும் அத்தாட்சி தேடி அலைய வேண்டியிருக்கும், கிடைக்காததெல்லாம் நிராகரிக்கப்படும். பெரிய ரிப்பேர் வந்த ஆண்டுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு வைத்திருக்கலாம் என்ற ஆசை எனக்கு உண்டு.

"எனக்கு நஷ்டம்னுதான் தோணுது. ஒரே வருஷத்துல ரெண்டு லட்சம் போச்சே?"

ஒரே ஆண்டை மட்டும் பார்ப்பதால் அப்படித் தோன்றுகிறது. மேலே சொன்ன வீட்டுக்கே ஆறு ஆண்டுக் கணக்கு எழுதிப் பாருங்கள். வாடகை ஏறவே இல்லை என்று வைத்தாலும் ஆண்டுக்கு 69,120 வீதம் ஆறு ஆண்டில் கழிவு 4,14,720 ரூபாய். செலவு, மாடி வேலை 1,85,000. மற்ற ஐந்து ஆண்டுகளில் குழாய், பெயிண்ட், மோட்டார் என்று ஆண்டுக்கு 12,000 வைத்தால் 60,000. மொத்தம் 2,45,000. செலவழிக்காத பணத்துக்கும் 1,69,720 ரூபாய் கழிவு கிடைத்திருக்கிறது.

எல்லா வீட்டுக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். மாதம் 4,000 ரூபாய் வாடகை வரும் பழைய வீட்டுக்கு ஆண்டுக் கழிவு 14,400-ஐத் தாண்டாது. அதில் மாடியைப் பெயர்த்துத் தட்டோடு மாற்றினால் பத்து ஆண்டுக் கழிவும் போதாது. உங்கள் வீடு எந்தப் பக்கம் என்று ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

"கடன் வாங்கி ரிப்பேர் பண்ணினா கழிச்சுக்கலாம்னு ஒருத்தர் சொன்னாரே?"

அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது, ஆனால் கழிவது ரிப்பேர் செலவு அல்ல, வட்டி மட்டும். 24(ஆ) பிரிவு வீட்டை வாங்க, கட்ட, ரிப்பேர் செய்ய, புதுப்பிக்க, திரும்பக் கட்ட வாங்கிய கடன் எல்லாவற்றின் வட்டியையும் ஏற்கிறது. ரிப்பேர் என்ற சொல் அந்தப் பிரிவில் வரும் இடம் இதுதான். வங்கியில் வீட்டுக் கடனாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. நகை அடமானக் கடனாகவும் இருக்கலாம், மைத்துனரிடம் வட்டிக்கு வாங்கியதாகவும் இருக்கலாம். அந்தப் பணம் அந்த வீட்டு வேலைக்குத்தான் போனது என்று காட்ட வேண்டும். ஆகவே கடன் கணக்கில் வந்த தொகை நேராகக் கடைக்கும் மேஸ்திரிக்கும் வங்கி வழியாகப் போகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பில் கவர் உயிர் பெறும் இடம் இதுதான். அசல் தொகை எங்கும் கழியாது.

நம் உதாரணத்தில் 1,50,000 ரூபாயை 10 சதவீத வட்டிக்கு வாங்கியிருந்தால் ஓராண்டு வட்டி 15,000. வரிக்கு உட்படும் வருமானம் 1,61,280-இலிருந்து 1,46,280 ஆகும். 20 சதவீத வரிப் படியில் இருப்பவருக்குச் செஸ்ஸோடு சேர்த்து மிஞ்சுவது 3,120 ரூபாய். அந்த 3,120-ஐ மிச்சம் பிடிக்க 15,000 வட்டி கட்டுகிறீர்கள். கையில் பணம் இருக்கும்போது வரிக்காக மட்டும் கடன் வாங்காதீர்கள். எப்படியும் கடன் வாங்கித்தான் செய்ய வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள் வட்டிச் சான்றிதழை மறக்காமல் வாங்கி வையுங்கள்.

வாடகைக்கு விட்ட வீட்டில் இந்த வட்டிக்கு உச்சவரம்பு இல்லை. தான் குடியிருக்கும் வீட்டு ரிப்பேர்க் கடனுக்கு மட்டும் ஆண்டுக்கு 30,000 வரைதான், அதுவும் பழைய வரி முறையில்.

"ரிப்பேருக்காக மூணு மாசம் வீட்டைக் காலியா வெச்சிருந்தேன். அந்த மூணு மாச வாடகையும் போச்சு."

அதற்கு வழி இருக்கிறது. பலர் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான். ரிப்பேர் செலவுக்குச் சட்டம் கண்ணை மூடிக்கொள்கிறது, ஆனால் வீடு காலியாக இருந்ததால் இழந்த வாடகையைப் பார்க்கிறது. ஆண்டின் ஒரு பகுதி வாடகைக்கு விட்டு, மீதிக் காலம் காலியாகக் கிடந்து, அதனால் வாடகை குறைந்தால், வந்த வாடகையையே ஆண்டு மதிப்புக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று 23(1)(இ) பிரிவு சொல்கிறது.

ஒன்பது மாத வாடகை 1,80,000. சொத்து வரி 9,600 போக 1,70,400. அதில் 30 சதவீதம் 51,120. மீதி 1,19,280-க்குத்தான் வரி. பன்னிரண்டு மாதக் கணக்கோடு ஒப்பிட்டால் 42,000 ரூபாய் குறைவு. பழைய ஆள் காலி செய்த தேதி, புதியவர் வந்த தேதி, இடைப்பட்ட மாதங்களின் மின் கட்டணம் ஆகியவற்றை வைத்திருந்தால் காலியாக இருந்ததைக் காட்டப் போதும். சொந்தக்காரர்களைக் குடிவைத்துவிட்டுக் காலி என்று எழுதக் கூடாது.

"குடியிருக்கிறவரே மோட்டார் மாத்திட்டு வாடகையில பிடிச்சுக்கிட்டார். எனக்கு வந்தது ரெண்டாயிரம்தான். அதைத்தானே காட்டணும்?"

இல்லை, முழு 20,000-தான். மோட்டார் மாற்றுவது உங்கள் பொறுப்பு. அவர் உங்களுக்குத் தர வேண்டிய வாடகையிலிருந்து உங்கள் கடைக்காரருக்கு 18,000 கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். வாடகை குறையவில்லை, அது வந்த வழிதான் மாறியிருக்கிறது. ஆண்டு மதிப்புக்கு 'பெற்ற அல்லது பெற வேண்டிய' வாடகையைத்தான் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. குடியிருப்பவர் அலுவலகத்தில் வாடகைப் படி கேட்கும்போது உங்கள் பான் எண்ணோடு 2,40,000 என்றுதான் எழுதிக் கொடுப்பார். நீங்கள் 2,22,000 என்று காட்டினால் இரண்டும் ஒத்துப்போகாது.

"அபார்ட்மென்ட் மெயின்டெனன்ஸ் மாசம் 3,000 நான்தான் அசோசியேஷனுக்குக் கட்டுறேன். அதையாவது கழிக்கலாமா?"

24-ஆம் பிரிவில் கழிக்க முடியாது. ஆண்டு மதிப்பைக் கணக்கிடும் கட்டத்திலேயே இதைக் குறைக்கலாம் என்று சில தீர்ப்பாயங்கள் ஒப்புக்கொண்டதுண்டு, கூடாது என்று சொன்ன தீர்ப்புகளும் உண்டு. வழக்காடத் தயாராக இருப்பவர்தான் அந்த வழியில் போகலாம்.

அதைவிட எளிது ஒப்பந்தத்தைச் சரியாக எழுதுவது. 25,000 வாங்கி அதில் 3,000-ஐ நீங்கள் கட்டுவதற்குப் பதில், வாடகை 22,000, மெயின்டெனன்ஸைக் குடியிருப்பவர் அசோசியேஷனுக்கே நேரடியாகக் கட்ட வேண்டும் என்று எழுதுங்கள். அப்போது அந்த 3,000 உங்கள் வருமானத்துக்குள்ளேயே வராது. எழுதியபடியே நடக்கவும் வேண்டும், ரசீது அவர் பெயருக்கு வர வேண்டும்.

"நாலு வீடு வாடகைக்கு விட்டிருக்கேன். இதுதான் என் தொழில். தொழில் வருமானம்னு காட்டி நிஜச் செலவை எழுதலாமா?"

குடியிருப்பு வீடுகளுக்கு அந்தக் கதவு அடைபட்டுவிட்டது. 2024-ஆம் ஆண்டு நிதி (எண் 2) சட்டம் 28-ஆம் பிரிவில் ஒரு விளக்கத்தைச் சேர்த்தது. வீட்டுக்காரர் குடியிருப்பு வீட்டையோ அதன் ஒரு பகுதியையோ வாடகைக்கு விட்டு வரும் வருமானம் வீட்டுச் சொத்து என்ற தலைப்பில்தான் வர வேண்டும், தொழில் வருமானமாகக் காட்டக் கூடாது என்பது அதன் சாரம். 2025-26 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து நடப்பில் இருக்கிறது. பலர் தொழில் வருமானம் என்று காட்டி நிஜச் செலவோடு தேய்மானமும் எழுதி வந்ததால்தான் இது வந்தது.

கடைக் கட்டிடம், வணிக வளாகம் போன்றவற்றில் மட்டும் நிலைமை வேறு. சென்னை பிராப்பர்ட்டீஸ் அண்டு இன்வெஸ்ட்மென்ட்ஸ் வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றம், சொத்துகளை வாடகைக்கு விடுவதையே முக்கிய நோக்கமாகக் கொண்ட கம்பெனிக்கு அது தொழில் வருமானம்தான் என்று தீர்ப்பளித்தது. ஆனால் இரண்டு ஆண்டு கழித்து ராஜ் தாதர்கர் வழக்கில், அப்படி ஒரு தொழில் நடப்பதற்கு ஆதாரம் காட்டாததால் அதே நீதிமன்றம் எதிர்மாறாகச் சொன்னது. ஒரு காம்ப்ளெக்ஸில் நாலு கடை வைத்திருப்பவர் சென்னை வழக்கை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.

"மாடியில புதுசா ஒரு ரூம் கட்டினேன். அதுவும் வீணா?"

அது வீணில்லை. ரிப்பேர் வேறு, மேம்பாடு வேறு. ஏற்கெனவே இருப்பதைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது ரிப்பேர். இல்லாத ஒன்றை நிலையாகச் சேர்ப்பது மேம்பாடு. புது அறைக்கான செலவை வாடகையில் கழிக்க முடியாது, ஆனால் என்றைக்காவது வீட்டை விற்கும்போது மூலதன ஆதாயக் கணக்கில் அடக்க விலையோடு சேர்க்கலாம். அதற்கு இருபது ஆண்டு கழித்தும் பில் வேண்டும். பிளான் அப்ரூவல், இன்ஜினியர் எஸ்டிமேட், வங்கி வழியாகப் பணம் கொடுத்த விவரம் எல்லாவற்றையும் வீட்டுப் பத்திரத்தோடு ஒரே உறையில் வையுங்கள். வெயிலில் மங்கிப்போகும் பிரின்டர் ரசீதுகளை ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.

"பென்ஷன்லயும் ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் இருக்கு. ஒண்ணுதானே எடுக்க முடியும்? புது முறையில இது உண்டா?"

பெயர் ஒன்றானாலும் இவை வேறு வேறு. பென்ஷனுக்கும் சம்பளத்துக்கும் உள்ளது நிலையான தொகை, புதிய முறையில் 75,000, பழைய முறையில் 50,000. வாடகைக்குள்ளது 30 சதவீதம். இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம். புதிய வரி முறையிலும் வாடகையின் 30 சதவீதம் அப்படியே இருக்கிறது. வாடகைக்கு விட்ட வீட்டின் கடன் வட்டியும் உண்டு, ஆனால் வட்டி அதிகமாகி வாடகையில் நஷ்டம் வந்தால் அதைச் சம்பளத்தோடோ பென்ஷனோடோ ஈடுகட்ட முடியாது. பழைய முறையில் 2 லட்சம் வரை ஈடுகட்டலாம்.

"வீடு எனக்கும் தம்பிக்கும் பாதிப் பாதி. யார் 30 எடுக்கிறது?"

இருவரும், அவரவர் பங்குக்கு. பங்கு பத்திரத்தில் தெளிவாக இருந்தால் வாடகையையும் சொத்து வரியையும் பிரித்து அவரவர் ரிட்டர்னில் போட வேண்டும். ரிப்பேர் முழுவதையும் நீங்களே செய்தீர்கள் என்பதால் உங்கள் கழிவு அதிகமாகாது. அந்தக் கணக்கைத் தம்பியோடு பேசித்தான் தீர்க்க வேண்டும்.

"புது வருமான வரிச் சட்டம் வந்ததே, அதுல மாறிடுச்சா?"

2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. பிரிவு எண் 24 என்பது 22 ஆகிறது, 'முந்தைய ஆண்டு' என்பது 'வரி ஆண்டு' ஆகிறது. சொத்து வரி போக ஆண்டு மதிப்பில் 30 சதவீதம், கூடவே கடன் வட்டி என்ற அமைப்பு மாறவில்லை. 2025-26 நிதி ஆண்டு வாடகைக்குப் பழைய சட்டமே பொருந்தும்.

"போன வருஷம் தெரியாம வாடகையிலேயே ரிப்பேரைக் கழிச்சுக் காட்டிட்டேன். இப்போ என்ன பண்றது?"

பெரும்பாலும் நடக்கும் தவறே இதுதான். படிவத்தில் ரிப்பேருக்குக் கட்டம் இல்லாததால் வாடகையையே குறைத்துப் போட்டுவிடுகிறார்கள். நம் உதாரணத்தில் 2,40,000-க்குப் பதில் 55,000 என்று காட்டியிருந்தால் சொத்து வரியும் 30 சதவீதமும் போக 31,780 ரூபாய்தான் வரிக்கு வந்திருக்கும். வர வேண்டியது 1,61,280. விடுபட்டது 1,29,500. 20 சதவீதப் படியில் செஸ்ஸோடு 26,936 ரூபாய் வரி குறைந்திருக்கிறது. இதில் 30 சதவீதத்தையும் எடுத்து ரிப்பேரையும் எடுத்ததால் ஒரே செலவுக்கு இரண்டு முறை கழிவு எடுத்தது போல ஆகிவிடுகிறது.

அதிகாரி கண்டுபிடித்தால் வரியும் வட்டியும் போக, குறைத்துக் காட்டியதற்கு 270ஏ பிரிவின்படி வரியில் 50 சதவீத அபராதம், அதாவது 13,468 ரூபாய். தெரிந்தே தவறாகக் காட்டியதாகக் கொண்டால் 200 சதவீதம், 53,872 ரூபாய்.

முதலில் வருமான வரித் தளத்தில் AIS என்ற உங்கள் ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்து, வாடகையாக எந்தத் தொகை பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். குடியிருப்பவர் டிடிஎஸ் பிடித்திருந்தால் முழு வாடகையும் அங்கே இருக்கும். திருத்திய ரிட்டர்னுக்குக் காலம் இருந்தால் அதைப் போட்டு வரியையும் வட்டியையும் கட்டிவிடுங்கள், அபராதம் வராது. அந்தக் காலம் கடந்துவிட்டால் ITR-U என்ற புதுப்பித்த ரிட்டர்ன் இருக்கிறது. மதிப்பீட்டு ஆண்டு முடிந்து முதல் 12 மாதத்துக்குள் போட்டால் வரியும் வட்டியும் சேர்ந்த தொகையில் கூடுதலாக 25 சதவீதம், அடுத்த 12 மாதத்துக்குள் என்றால் 50 சதவீதம் கட்ட வேண்டும். நோட்டீஸ் வருவதற்கு முன் நீங்களாகவே செய்துவிடுங்கள். போகும்போது ஒப்பந்தம், வாடகை வந்த வங்கிப் பக்கங்கள், சொத்து வரி ரசீது இந்த மூன்றையும் எடுத்துப்போனால் போதும். சிமென்ட் பில் வீட்டிலேயே இருக்கட்டும்.